407 என்ற எண்: ஐஸ்கிரீமுக்குள் இருக்கும் கடல்பாசி

கடையில் வாங்கும் ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பால், சர்க்கரை, பால் பவுடர் என்று ஓடும் வரியின் கடைசியில் எமல்சிஃபையர் 471, ஸ்டெபிலைசர் 412, 407 என்று சில எண்கள் பொடி எழுத்தில் இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் பயந்து டப்பாவைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். இந்த எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள். அவற்றின் வேலை வேறு, அளவு வேறு, அவற்றைப் பற்றி எழும் கேள்விகளும் வேறு. எல்லாவற்றையும் சேர்த்து 'கெமிக்கல்' என்று ஒதுக்குவதும், 'அரசு அனுமதித்ததுதானே' என்று மொத்தமாக ஏற்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போவோம். அது 407. அதன் பெயர் கேராஜீனன். சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் பலருக்கு அந்தப் பாசிதான் பிழைப்பு.

முதலில் ஐஸ்கிரீமுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலை இயந்திரத்தில் அழுத்திக் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்ததும், ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் பால் புரதம் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பாலுக்கு அது நல்லது, ஐஸ்கிரீமுக்கு ஆகாது. காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் ஓரளவு கோத்துக்கொண்டால்தான் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் வைத்தபடி நிற்கும். 471 என்பது கொழுப்பிலிருந்து செய்யப்படும் மோனோ, டைகிளிசரைடுகள். இவை புரதப் போர்வையில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருகின்றன. அதற்குப் பிறகு கடைசல் இயந்திரத்தில் துளிகள் மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. எமல்சிஃபையர் என்றால் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். ஐஸ்கிரீமில் அது செய்யும் வேலை ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது.

412 என்பது குவார் கம். நாம் பொரியல் செய்கிற கொத்தவரையின் முற்றிய விதையை அரைத்தால் கிடைப்பது. ராஜஸ்தானில் பெருமளவு விளைகிறது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் போய்ப் போய் வரும்போது ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் லேசாக உருகித் திரும்ப உறைகிறது. ஒவ்வொரு முறையும் பனித்துகள்கள் கொஞ்சம் பெரிதாகின்றன. பத்து நாள் கழித்துத் திறந்தால் நாக்கில் மணல் மாதிரி நெறுநெறுப்பது அதனால்தான். குவார் அந்த வளர்ச்சியை மெதுவாக்குகிறது.

ஆனால் குவாருக்கும் பால் புரதத்துக்கும் ஒத்துவராது. கலவையை ஐஸ்கிரீம் ஆக்குவதற்கு முன் சில மணி நேரம் குளிரில் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, புரதம் ஒரு பக்கமும், தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரியும். ஐஸ்கிரீம் உருகும்போது அடியில் தெளிந்த நீர் கசிந்தால் அது இந்தப் பிரிவின் அடையாளம். இங்கேதான் 407 வருகிறது. நூறு கிலோ கலவைக்கு 15 முதல் 20 கிராம் கேராஜீனன் போதும். அதன் நீண்ட சங்கிலியில் எதிர்மின்னேற்றம் கொண்ட சல்பேட் துணுக்குகள் இருக்கின்றன. கேசீன் என்ற பால் புரதத்தின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் உள்ள ஓர் இடம் உண்டு. இரண்டும் பிடித்துக்கொள்கின்றன, புரதம் அடியில் இறங்காமல் நிற்கிறது. சாக்லேட் பால் பெட்டியில் கோகோ தூள் அடியில் தங்காமல் இருப்பதும் இதே பிடியால்தான். மாவோ சோள மாவோ போட்டு அந்த வேலையைச் செய்தால் பால் கஞ்சியாகிவிடும். கேராஜீனன் போட்டதே தெரியாது. தொழிற்சாலைகள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

மற்ற இரண்டு பெயர்களையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். லெசித்தின், எண் 322. முட்டையின் மஞ்சள் கருவில் இயற்கையாகவே இருப்பது. தொழிற்சாலைகளுக்கு இன்று அது பெரும்பாலும் சோயா எண்ணெய் எடுக்கும்போது கிடைக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயை நாடும், மறு முனை தண்ணீரை நாடும். சாக்லேட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே உருகிய சாக்லேட் இளகி ஓடும். இல்லாவிட்டால் அதற்கு விலை உயர்ந்த கோகோ வெண்ணெயைப் பல மடங்கு அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். சாந்தன் கம், எண் 415. முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்த்து, அது சுரக்கும் பசையைக் காயவைத்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பியோரியா நகரின் வேளாண் ஆய்வகத்தில் ஆலன் ஜீன்ஸ் என்ற பெண் வேதியியலாளரும் அவரது குழுவினரும் கண்டறிந்தது, 1969-ல் உணவில் அனுமதிக்கப்பட்டது. சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் இளகி ஊற்றி, தட்டில் விழுந்ததும் மறுபடி கெட்டியாக நிற்பது அதன் குணம். நோய் உண்டாக்கும் பாக்டீரியா என்று கேட்டு யாரும் பதற வேண்டாம். நோய் செடிக்குத்தான், பசையில் உயிருள்ள கிருமியும் மிஞ்சுவதில்லை.

இப்போது 407-க்குத் திரும்புவோம். கப்பாஃபைகஸ் என்ற பாசி பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. குஜராத்தில் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கொண்டுவந்து சோதித்து, பிறகு மண்டபம் பகுதியில் வளர்க்கப் பழக்கியது. 2000-க்குப் பிறகு அது ஊர் ஊராகப் பரவி, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் தொழிலானது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை. அதில் இருபது கயிறு. கயிற்றில் இடைவெளி விட்டு விதைப்பாசித் துண்டுகளைக் கட்டுகிறார்கள். ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ பிடிக்கும். கடலில் 45 நாள் விட்டால் மூன்று நான்கு மடங்காகும். அறுத்து, அடுத்த முறைக்கு விதைப்பாசி எடுத்துவைத்து, மீதியை வெயிலில் காயப்போடுவார்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ நிற்கும். கடல் சூடேறும் காலத்தில் கிளைகள் வெளுத்து, மெலிந்து, முறிந்து விழும் நோய் வரும். அதை உலகெங்கும் ஐஸ்-ஐஸ் என்கிறார்கள். அது பிடித்தால் மிதவையில் கயிறுதான் மிஞ்சும். இந்தப் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப் பாறைகள் மேல் படர்ந்து அவற்றை மூடியது 2008-ல் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. உணவுப் பாதுகாப்பு விவாதத்தில் பேசப்படாத இந்தக் கேடு என் பார்வையில் சின்ன விஷயமல்ல. அந்தப் பாறைகள்தான் அங்கே மீன்களுக்கு வீடு.

காய்ந்த பாசி தொழிற்சாலைக்குப் போனதும் இரண்டு வழிகள். மலிவான வழியில், பாசியைக் காரக் கரைசலில் சூடாக்கி, கழுவி, காயவைத்து அப்படியே பொடியாக்குவார்கள். அதன் எண் 407ஏ. மற்றொன்றில் பாசியைக் கரைத்து, சக்கையை வடிகட்டி, ஜெல்லை மட்டும் பிரித்தெடுத்துக் காயவைப்பார்கள். அதுதான் 407. நம் வீடுகளில் நோன்பு நாட்களில் காய்ச்சும் அகர் அகரும் சிவப்புப் பாசிதான், ஆனால் வேறு இனம். அதில் சல்பேட் மிகக் குறைவு. அதனால் பாலோடு கேராஜீனன் காட்டும் அந்தப் பிடிப்பு அகருக்குக் கிடையாது.

விவாதம் இங்கே ஆரம்பிக்கிறது. 1969-ல் லான்செட் இதழில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாசிச் சரக்கைக் குடிநீரில் கலந்து கினிப் பன்றிகளுக்குக் கொடுத்ததில் பெருங்குடலில் புண் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை கேராஜீனன் எதிர்ப்பாளர்கள் காட்டும் முதல் சான்று இதுதான். ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சிதைக்கப்பட்ட கேராஜீனன். கடும் அமிலத்தில் பல மணி நேரம் கொதிக்கவைத்து, நீண்ட சங்கிலியைத் துண்டுதுண்டாக வெட்டியது. அதற்குப் பெயர் பாலிஜீனன். உணவுக் கேராஜீனனின் மூலக்கூறு எடை இரண்டு லட்சம் முதல் எட்டு லட்சம் வரை. பாலிஜீனனுடையது பத்தாயிரம், இருபதாயிரம். பாலிஜீனனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. உணவில் சேர்க்கும் கேராஜீனனை அப்படி வகைப்படுத்தவில்லை, போதிய சான்று இல்லை என்ற வகையில் விட்டுவிட்டது.

இரண்டும் வேறு என்றால் விவாதம் முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. வயிற்று அமிலத்தில் நீண்ட சங்கிலி கொஞ்சமாவது உடையுமா என்பது முதல் கேள்வி. கடைச் சரக்கிலேயே சின்னத் துண்டுகள் கொஞ்சம் கலந்திருக்கின்றனவே என்பது இரண்டாவது. ஐரோப்பிய விதி, ஐம்பதாயிரத்துக்குக் குறைவான மூலக்கூறு எடை கொண்ட துண்டுகள் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. சிதையாத கேராஜீனனே குடல் செல்களில் அழற்சியைத் தூண்டுகிறது என்று சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் டோபாக்மன் 2001 முதல் தொடர்ந்து எழுதிவருகிறார். அவருடைய பல சோதனைகள் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தவை. அங்கே கேராஜீனன் செல்களை நேரடியாகத் தொடுகிறது. உணவோடு போகும்போது அது புரதத்தோடு பின்னிக்கொண்டு போகிறது, நடுவில் குடலின் சளிப் படலமும் இருக்கிறது. உற்பத்தியாளர் பக்கம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவர்கள் காட்டும் பாதுகாப்புச் சோதனைகளில் சில அவர்கள் பணத்திலேயே நடந்தவை என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். அவை குறைவு, சிறியவை. ஆனாலும் பேசுகின்றன. முதலாவது 2017-ல் வெளியானது, டோபாக்மன் குழுவினுடையது. அல்சரேடிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய் இருந்து, அது அடங்கியிருந்த சிலரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் கேராஜீனன் இல்லாத உணவு சாப்பிடச் சொன்னார்கள். பிறகு ஒரு பகுதியினருக்குத் தினமும் 200 மில்லிகிராம் கேராஜீனன் மாத்திரை, மற்றவர்களுக்கு அது இல்லாத போலி மாத்திரை. கேராஜீனன் சாப்பிட்டவர்களில் மூன்று பேருக்கு நோய் திரும்ப வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. மொத்தமே பன்னிரண்டு பேர்தான். இந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்து ஊருக்கே தடை விதிக்க முடியாது. ஆனால் அந்த நோய் உள்ள ஒருவர் தன் தட்டிலிருந்து அதை நீக்கிப் பார்க்க இது போதுமான காரணம்.

இரண்டாவது 2024-ல் ஜெர்மனியின் டூபிங்கன் குழு வெளியிட்டது. ஆரோக்கியமான இருபது இளைஞர்கள், இரண்டு வாரம், வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை. மொத்தக் குழுவில் இன்சுலின் வேலை செய்யும் திறனில் மாற்றம் தெரியவில்லை. உடல் எடை கூடியவர்களிடம் மட்டும் அது குறைந்தது. சிறுகுடலின் கசிவுத்தன்மை கூடியிருந்தது. அதே ஆண்டு பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பதிவைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தினமும் கூடுதலாக 100 மில்லிகிராம் கேராஜீனன் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 3 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. கேராஜீனன் அதிகம் சாப்பிடுகிறவர் பொட்டல உணவையே அதிகம் சாப்பிடுகிறவர் அல்லவா? ஆய்வாளர்கள் கணக்கில் அதைச் சரிசெய்யப் பார்த்தாலும் முழுக்கப் பிரித்துவிட முடியாது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்தான் நம் தட்டுக்கு விடை வரும். நூறு கிராம் ஐஸ்கிரீமில் கேராஜீனன் 15 முதல் 20 மில்லிகிராம். கோலைட்டிஸ் ஆய்வில் கொடுத்த 200 மில்லிகிராமை ஐஸ்கிரீமிலிருந்து பெறக் குறைந்தது ஒரு கிலோ சாப்பிட வேண்டும். 200 மில்லி சாக்லேட் பாலில் நாற்பது, ஐம்பது மில்லிகிராம் இருக்கும். ஆனால் ஜெல்லிக்கு வாருங்கள். 'வெஜ் ஜெல்லி' என்று விற்கும் ஜெல்லியை ஜெலட்டின் இல்லாமல் உறையவைப்பது பெரும்பாலும் கேராஜீனன்தான். அதைத் தனியாக நிற்கவைக்க, நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்குவரை தேவைப்படும். நூறு கிராம் ஜெல்லியில் 500 முதல் 1000 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தற்காலிகமாக வைத்த நாள் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லிகிராம். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 1125 மில்லிகிராம். ஒரு கிண்ணம் ஜெல்லியிலேயே அந்த வரம்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஐஸ்கிரீம் டப்பாவின் 407-ஐப் பார்த்துப் பயந்த அதே பெற்றோர், பிறந்தநாள் விருந்தில் ஜெல்லியை யோசிக்காமல் கொடுக்கிறார்கள். லேபிளில் எண் மட்டும்தான் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. இந்திய விதி அளவைப் போடச் சொல்வதில்லை. போடச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைக்குழந்தைகள் விஷயத்தில் வல்லுநர் குழுக்களே ஒன்றுபடவில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் குழு, 2014-ல், குழந்தைப் பால் மாவுக் கரைசலில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம்வரை கவலைக்குரியதல்ல என்றது. ஐரோப்பா, பிறந்த குழந்தைக்கான பால் மாவில் அதை அனுமதிப்பதே இல்லை. ஐரோப்பாவின் பக்கமே நான் நிற்பேன். அந்த வயதில் ஒரே உணவைத்தான் குழந்தை நாள் முழுக்கக் குடிக்கிறது, அதன் குடலும் இன்னும் பக்குவப்படவில்லை. சாந்தன் கம்மும் இதே பாடத்தைக் கற்பித்திருக்கிறது. பெரியவர்களுக்குத் தொல்லை தராத அந்தப் பசையால் செய்த ஒரு கெட்டிப்படுத்தியை, விழுங்கச் சிரமப்படும் குறைமாதக் குழந்தைகளின் பாலில் கலந்தபோது, சில குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் கொடிய நோய் வந்தது. 2011-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

ஆரோக்கியமான பெரியவர் எப்போதாவது சாப்பிடும் ஐஸ்கிரீமில், சாக்லேட் பாலில் இருக்கும் கேராஜீனனுக்கு அஞ்ச இன்றுவரை காரணம் இல்லை. அந்த டப்பாவில் கவலைப்பட வேண்டியது சர்க்கரைதான். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் 407, 407ஏ இரண்டையும் சில மாதம் தவிர்த்துப் பார்த்து, மாற்றம் உண்டா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் பாக்கெட் பாதாம் பால், சோயா பால், ஜெல்லி, பதப்படுத்திய இறைச்சி என்று சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மெல்லச் சேருகிறது, அவர்கள் லேபிளைப் படிப்பது நல்லது.

இந்த விவாதத்தில் நிரூபிக்கப்பட்ட ஆபத்து ஒன்றே ஒன்று உண்டு. அதற்கும் குடல் அழற்சிக்கும் சம்பந்தமில்லை. ஒரு வாயில் உறிஞ்சி விழுங்கும்படி சின்னக் கிண்ணங்களில் வரும் கெட்டி ஜெல்லி குழந்தைகளின் மூச்சுக்குழாயில் அடைத்து உயிர்களைப் பறித்திருக்கிறது. அத்தகைய மினி ஜெல்லியில் கேராஜீனன் உட்பட ஜெல்லாக்கும் பசைகளைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. நம் பெட்டிக்கடைகளில் அவை சரமாகத் தொங்குகின்றன. சின்னக் குழந்தைகளுக்கு அவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது கொண்டுவந்துவிட்டால், கிண்ணத்திலிருந்து எடுத்துச் சிறுசிறு துண்டாக வெட்டி, குழந்தையை உட்காரவைத்து, பக்கத்திலேயே இருந்து கொடுங்கள்.